மூன்றாவது கம்பிக்கு இறங்கிய கட்டைவிரல்

என் மகளின் வலது கை மோதிர விரலில் மேல் கணு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் படிக்கிறவர்கள் 'அடடா' என்பார்கள். அந்த 'அடடா'வைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது.

கணுவை எடுத்தவர் மருத்துவர். எடுக்கும்படி ஆக்கியவன் நான். வடமதுரையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுக் கிளம்பினோம். எங்கள் பழைய வேனின் பக்கக் கதவைத் தள்ளித்தான் சாத்த வேண்டும். ஓங்கித் தள்ளாவிட்டால் கொக்கி விழாது. உள்ளே ஏறியவள் தண்ணீர் பாட்டிலை வாங்க மறுபடி வெளியே எட்டினாள். தாங்கலுக்குக் கதவு வந்து முட்டும் கம்பத்தைப் பிடித்திருந்தாள். நான் பார்க்கவில்லை. ஓங்கித் தள்ளினேன். மற்ற விரல்கள் தப்பின, ஒன்று தப்பவில்லை. அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. இப்போதும் எங்கேயாவது கதவு அறைந்து சாத்தப்பட்டால் என் தோள் தானாக ஏறி இறங்குகிறது. ரெட்டியார்சத்திரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். பீரோவை மெதுவாகத்தான் மூடுகிறார்கள்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "எழுத வருதுல்ல, அது போதும்." "கண்ணு போகலயே, அதுவரைக்கும் கடவுள் காப்பாத்துனாரு." என் அக்கா ஒருபடி மேலே போனாள்.

"கல்யாணத்துல மோதிரம் எப்படிப்பா போடுறது?" என்று என்னிடம் கேட்டாள். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மோதிரம் அடிக் கணுவுலதான் நிக்கும் அத்தை, நுனியில இல்ல" என்றாள் மகள். "உங்க கையிலயே பாருங்க."

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் மோதிரத்தைப் பற்றிப் பேசவில்லை.

மகள் கவலைப்பட்டது மோதிரத்துக்காக அல்ல. பிளஸ் டூ முடிந்து கல்லூரிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடமாகக் கிட்டார் வாசிக்கிறாள். கையில் பிடிக்கும் சின்ன மட்டையால் வரட்டு வரட்டென்று இழுத்து வாசிக்கும் வகை இல்லை. விரலால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு மீட்டும் வகை. அவள் சொல்லித்தான் எனக்கும் தெரியும். கிட்டாரில் ஆறு கம்பி. தரைப்பக்கம் இருக்கும் மெல்லிய கம்பி முதலாவது, முகத்துப் பக்கம் இருக்கும் தடித்த கம்பி ஆறாவது. தடித்த மூன்றும், அதாவது ஆறு, ஐந்து, நான்கு, கட்டைவிரலுக்கு. மூன்றாவது ஆள்காட்டி விரலுக்கு, இரண்டாவது நடுவிரலுக்கு, முதலாவது மோதிர விரலுக்கு. சுண்டுவிரல் சும்மா இருக்கும். ஒவ்வொரு விரலும் தன் கம்பிக்கு மேல் காத்திருந்து, முறை வந்ததும் தொட்டுவிட்டுத் தன் இடத்துக்கே திரும்ப வேண்டும்.

எங்கள் கோயில் பாடகர் குழுவில் அவளுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. குழுத் தலைவரே மெட்டுப் போட்ட நற்கருணைப் பாட்டு, பூசையில் அப்பம் வாங்கும்போது பாடுவது. ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு. குரல் தொடங்குவதற்கு முன் எட்டுச் சுற்றுக்குக் கிட்டார் மட்டும் ஒலிக்கும். கீபோர்டு கிடையாது, தபலா கிடையாது. கட்டைவிரல் அடிச்சுரத்தைப் போடும், பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று விரல்கள் இறங்கும், மறுபடி இரண்டு, மூன்று என்று ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தின் திருப்பத்தில் இருப்பது முதல் கம்பி. அதாவது மோதிர விரல்.

கட்டுப் பிரித்துப் புண் ஆறி, முதல்முறை அவள் கிட்டாரை மடியில் வைத்த மாலை நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தேன். படிக்கவில்லை. அடிச்சுரம் வந்தது, மூன்றாவது வந்தது, இரண்டாவது வந்தது. அடுத்த தட்டில் ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு, மூன்று. எட்டிப் பார்த்தேன். குட்டையாகிப்போன விரல் தன் முறை வந்ததும் சரியாக மடங்கி, கம்பிக்கு எட்டாமல் காற்றை மீட்டிவிட்டுத் திரும்பியது. மூன்று வருடம் பழகிய விரல், கம்பி அங்கேதான் இருக்கிறது என்று நம்பியது. பத்துப் பதினைந்து சுற்று வரை அந்தப் பொக்கை விழுந்த ஓசை கேட்டது. பிறகு கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

கோயில் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்தப் பாட்டை அவள் வாசிப்பாளா மாட்டாளா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. அவள் வாசிக்காவிட்டால், ஒவ்வொரு திருவிழாவிலும் அந்த எட்டுச் சுற்றை வேறு யாரோ வாசிப்பதை நான் உயிரோடு இருக்கும்வரை கேட்க வேண்டும்.

நான் பி.எஸ்சி. படித்தவன். கோப்பில் சிக்கல் வந்தால் வழி கண்டுபிடிப்பவன் என்று அலுவலகத்தில் பெயர் உண்டு. இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மீட்டும் கைக்கு நான்கு நல்ல விரல் வேண்டும். இடது கையில் ஐந்தும் நன்றாக இருக்கின்றன. கைகளை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. இடது கைக்காரர்கள் கம்பியைத் தலைகீழாக மாட்டி வாசிப்பதைக் கைபேசியில் பார்த்திருந்தேன். அவள் கல்லூரிக்குப் போயிருந்தபோது கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஜாரில் இசைக்கருவிக் கடைக்குப் போனேன்.

கடையில் பழுது பார்ப்பவர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சார், கழுத்துத் தலையில இந்த வெள்ளைத் துண்டு இருக்கு பாருங்க. இதுல ஆறு பள்ளம். தடிக் கம்பிக்கு அகலமா வெட்டிருக்கும், மெல்லிசுக் கம்பிக்குக் கீத்து மாதிரி வெட்டிருக்கும். கம்பிய மட்டும் மாத்துனா தடிசு உள்ள உக்காராது, மெல்லிசு கெடந்து ஆடும். சுருதியும் முழுசாச் சேராது. பாப்பாதான் கேட்டுச்சா?"

"ஆமா" என்றேன். பொய்.

"துண்டு புதுசா வெட்டணும்னா பத்து நாள் ஆகும்."

"இப்போதைக்குக் கம்பிய மாத்திக் குடுங்க. மத்தத அப்புறம் பாப்போம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். வழிநெடுக எனக்கு ஒரே உற்சாகம். செய்த தவறைச் சரி செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் போல நடந்தேன்.

சாயங்காலம் பையைத் திறந்தவள் ஒரே பார்வையில் கண்டுகொண்டாள்.

"இது யாரு பண்ணுன வேல?"

"நான்தாம்மா. இனிமே நீ இடது கையால மீட்டலாம்..."

"அப்ப வலது கையால யாரு பிடிக்கிறது? நீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் அதற்கு மேல் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்து, கிட்டாரின் கழுத்தில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிமேல் அழுத்தினாள்.

"இது சி கார்டு. எல்லாரும் மொதல்ல கத்துக்கிற பிடி. ஆள்காட்டி விரல் மொத கட்டத்துல. நடுவிரல் ரெண்டாவது கட்டத்துல. மூணாவது கட்டத்துல எந்த விரலு நிக்குது? குனிஞ்சு பாருங்கப்பா."

பார்த்தேன். மோதிர விரல்.

"நல்லா அழுத்துங்க. வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"நுனி இருக்கிற உங்களுக்கே வலிக்குது. நுனி இல்லாத விரல வச்சு நான் எதை அழுத்துறது? சி-க்கு வேணும், ஜி-க்கு வேணும், டி-க்கு வேணும். மீட்டுறதுல ஒரு கம்பிதான் எனக்குப் போச்சு. நீங்க மாத்தி வச்சதுல பாட்டே போச்சு. மூணு வருசமா பக்கத்துல உக்காந்து கேட்டீங்களே, என் இடது கைய ஒரு நாளாச்சும் பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. ஓசை வலது கையில் பிறக்கிறது என்று நினைத்து அதையே பார்த்திருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி வந்து நின்றாள்.

"நீங்க ஒருதரம் அவசரப்பட்டது பத்தாதா?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகி உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது சரி. கதவைத் தள்ளியதும் கம்பியை மாற்றியதும் ஒரே கைதான். இரண்டு முறையும் மகளைத் திரும்பிப் பார்க்காமல் செய்தேன்.

மகள் அன்றே ஆறு கம்பியையும் கழற்றி, பழையபடி மாட்டி, சுருதி சேர்த்தாள். முறுக்கும் ஆணியைத் திருப்ப மோதிர விரல் தேவைப்படவில்லை. நான் உதவிக்குக் கையை நீட்டியபோது, "தொடாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துக் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். வங்கியில் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். கோயிலில் கீபோர்டு வாசிப்பார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடமிருந்துதான் எங்களுக்கு அதிகம் அடி விழுந்தது. காப்பியைக் குடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். கம்பியை இழுக்கும் சின்ன பிளாஸ்டிக் வில்லை.

"பாப்பா, இதப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். மத்த பாட்டுக்கெல்லாம் நீ இழுத்து வாசி. அந்த நற்கருணைப் பாட்டுக்கு மட்டும் கீபோர்டுல கிட்டார் சத்தம் இருக்கு, நான் போட்டுக்கிறேன். நீ சிரமப்படாத."

"அந்தச் சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கும்ணே."

"சனங்களுக்கு அம்புட்டு வித்தியாசம் தெரியாது பாப்பா."

"எனக்குத் தெரியும்."

"சுண்டுவிரல வச்சுப் பாத்தியா?"

"பாத்துட்டேன். எட்டுறதுக்கு மொத்தக் கையும் சாயுது. கை சாஞ்சா மத்த ரெண்டு விரலும் எடம் மாறுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிப் புரிய வைப்பேன் என்று நினைத்தார் போல. நான் மேசைமேல் கிடந்த வில்லையைப் பார்த்தேன்.

"திருவிழாவுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமப் பயிற்சி இருக்குல்ல" என்றாள் மகள். "அன்னைக்கு வாரேன். எட்டுச் சுத்தும் வாசிக்கிறேன். ஒரு எடத்துல தாளம் நழுவுனாலும் நானே ஒதுங்கிக்கிறேன். நழுவலன்னா பாட்டு எனக்கு."

"சரி பாப்பா" என்றார் அவர். குரலில் நம்பிக்கை இல்லை. வில்லையை விட்டுவிட்டுத்தான் போனார். அவள் அதை எடுத்து ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் சொருகினாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தட்டு எண்ண ஆள் வேண்டும். மேசையில் விரலால் தட்டி ஒன்று முதல் ஆறு வரை எண்ண வேண்டும். "வேகமும் ஏத்தக் கூடாது, குறைக்கவும் கூடாது. என் கையப் பாக்காதீங்க, பாத்தா பரிதாபப்பட்டு எனக்காக நிப்பாட்டுவீங்க" என்றாள். நான் சன்னலைப் பார்த்து எண்ணினேன்.

அவள் விரல்களின் வேலையை மாற்றிப் பிரித்திருந்தாள். முதல் கம்பி நடுவிரலுக்கு, இரண்டாவது ஆள்காட்டிக்கு. மூன்றாவது கம்பிக்கு ஆளில்லை. அதற்குக் கட்டைவிரலே இறங்கி வந்தது. கட்டைவிரல் அடிச்சுரம் போட்டு, அப்படியே சரிந்து மூன்றாவதைத் தொடும். ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி. கடைசித் தட்டுக்கு மறுபடி கட்டைவிரல் மூன்றாவதில். ஆறும் வந்துவிட்டது. பொக்கை இல்லை. நான் எண்ணுவதை விட்டுவிட்டு, "வந்துருச்சும்மா!" என்றேன்.

"வரல. எண்ணுங்க."

எண்ணினேன். கேட்கக் கேட்க எனக்கும் பிடிபட்டது. பாட்டு ஜி, இ மைனர், சி, டி என்று போகும். டி-யின் அடிச்சுரம் நான்காவது கம்பி, மூன்றாவதிலிருந்து பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சி-க்கு ஐந்தாவது, ஜி-க்கும் இ மைனருக்கும் ஆறாவது. சுற்றின் கடைசித் தட்டில் மூன்றாவது கம்பியில் இருக்கும் கட்டைவிரல், அடுத்த சுற்றின் முதல் தட்டுக்கு ஆறாவதுக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலில் ஒரு மயிரிழை பிந்தியது.

"ஜி-க்கு வாரப்ப பிந்துதும்மா" என்றேன் சன்னலைப் பார்த்துக்கொண்டே. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும். இ மைனர்ல?"

"அதுலயும்."

"சி-ல?"

"கொஞ்சம்."

"அதான் எனக்கும் கேக்குது" என்றாள். அவள் குரல் பல நாளுக்குப் பிறகு கோபமில்லாமல் இருந்தது அன்றுதான்.

நான்கைந்து நாள் அந்த இடத்திலேயே நின்றாள். அந்த நாட்களில் அவளுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். ஒரு சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டாள்.

"அப்பா, வாங்க, எண்ணுங்க. செத்த நேரம்தான்."

எண்ணினேன். எட்டுச் சுற்று. பதினாறு சுற்று. எங்கும் பிந்தவில்லை. இந்த முறை நான் திரும்பிப் பார்த்தேன், அவள் தடுக்கவில்லை. நிறுத்தி நிதானமாகக் காட்டினாள். விரலால் மீட்டும்போது ஆள்காட்டி விரல் உள்ளங்கைப் பக்கம்தான் இழுக்கிறது. இரண்டாவது கம்பியை இழுத்த விரல், அதே போக்கில் போனால் அடுத்து மோதுவது மூன்றாவது கம்பி. ஆகவே ஐந்தாவது தட்டில் இரண்டாவதைத் தொட்ட ஆள்காட்டியை எடுக்காமல் அப்படியே இழைய விட்டு, ஆறாவது தட்டையும் அதாலேயே போட்டாள். கட்டைவிரல் அந்த நேரத்தில் ஆறாவது கம்பியில் போய் உட்கார்ந்து காத்திருந்தது. ஒரே விரலை அடுத்தடுத்து இரண்டு முறை போடக் கூடாது என்பது அவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்.

"சட்டம் நாலு விரல் இருக்கிறவங்களுக்குப் போட்டது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் பக்கத்துக் கூடத்தில் பயிற்சி. பாடுகிற பெண்கள் பன்னிரண்டு பேர், தபலாக்காரர், குழுத் தலைவர். நான் வாசல் பக்கம் நின்றேன். குழுத் தலைவர் அவள் கையைப் பார்த்ததுமே நிறுத்தச் சொன்னார்.

"பாப்பா, கட்டைவிரல் மூணாவது கம்பிக்கு வரக் கூடாது. முறை தப்பு."

"முறையக் கண்ணால பாக்காதீங்கண்ணே. அந்தப் பக்கம் திரும்பிக் கேளுங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "திரும்புங்க சார், பொண்ணு சொல்லுதுல்ல" என்றாள் ஒருத்தி. அவர் நிஜமாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மகள் வாசித்தாள். எட்டுச் சுற்று. என் வாய்க்குள் ஒன்று இரண்டு மூன்று ஓடிக்கொண்டிருந்தது. எட்டாவது முடிந்ததும் பெண்கள் யாரும் சொல்லாமலே பாடத் தொடங்கிவிட்டார்கள். குரல் நுழைய வேண்டிய இடம் அவர்களுக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கிறது.

பல்லவி முடிந்ததும் அவர் திரும்பினார்.

"பெண்களுக்குச் சுருதி கீழ இருக்கு. ஒரு கட்டை ஏத்தணும்" என்றார். தோற்றுவிட்டதை இப்படிச் சொல்வது அவர் வழக்கம் என்று பிறகு தெரிந்தது.

அவள் பையிலிருந்து, சுருதி ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வியை எடுத்து இரண்டாவது கட்டத்தில் மாட்டினாள். "பிடியெல்லாம் அதேதான்ணே. போவோமா?"

"எட்டுச் சுத்தும் நீயே வாசி. குரல் வந்ததும் நான் கீபோர்ட்ல எடுத்துக்கிறேன். உனக்கும் ஓய்வு..."

"ஓய்வு வேணாம். பாட்டு எனக்குன்னு பேச்சு. பாட்டுன்னா முழுசு."

அவர் கீபோர்டின் சுவிட்சை அணைத்தார்.

திருவிழாவன்று வெளியே கொடிமரத்தடி வரை கூட்டம். அவள் முழுப் பாட்டும் வாசித்தாள். மூன்றாவது சரணத்தில், டி-யில், ஒரு அடிச்சுரம் விழவில்லை. கட்டைவிரல் கம்பியைத் தவறவிட்டது. அடுத்த தட்டில் சேர்ந்துகொண்டாள். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பூசை முடிந்ததும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "இந்த விரலோட இம்புட்டு அழகா" என்று ஒருத்தர் கண்ணைத் துடைத்தார். "பாவம், எப்படி வாசிச்சுச்சு பாரு" என்றார் இன்னொருத்தர். அவள் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"மூணாவது சரணம். கேட்டுச்சா?"

நல்லா இருந்துச்சும்மா என்று சொல்ல வாய் வந்தது. அதற்குத்தான் என் வாய் பழகியிருக்கிறது.

"கேட்டுச்சு. டி-ல அடிச்சுரம் விட்டுட்ட."

"ஏன் விட்டேன்னு தெரியுதா?"

"முந்துன சுத்துல நீ மேல பாத்த. சாமியாரு கடந்து போனாருல்ல, அப்ப."

"அதேதான்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "விரல்னால இல்ல. கவனம் போச்சு. எல்லாரும் அழுறாங்கப்பா, ஒருத்தரும் கேக்கல."

நான் இன்னும் கதவுச் சத்தத்துக்கு நடுங்குகிறவன்தான். அது போகும் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். ஆனால் என் மகளைப் பார்த்துக் கண்ணைத் துடைக்க வருகிறவர்களிடம் இப்போது ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதலில் உட்கார்ந்து ஆறு வரை எண்ணுங்கள், நழுவினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், அழுவது பிறகு. பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். திருவிழாவன்று கோயில் வாசலில் அவள் கிட்டார் பையை என் தோளில் மாட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் எந்தச் சுற்றை முதலில் எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.